நுரையீரல் மீன் சால்மனை ஒட்டி இருக்கிறது. உறவு மட்டும் மனிதனோடா?

இளம்பரிதி:
வினாத்தாளில் ஒரு பரிணாம மரம். மேலிருந்து கீழாக சால்மன், நுரையீரல் மீன், தவளை, பல்லி, மனிதன். நுரையீரல் மீனுக்கு நெருங்கிய உறவு யார் என்ற கேள்விக்கு, பக்கத்திலேயே இருக்கிறதே என்று சால்மனை எழுதினேன், தவறாம். தவளையும் மனிதனும் அதற்குச் சமமான உறவு என்கிறது விடைக்குறிப்பு. மனிதன் கடைசி வரியில் அல்லவா இருக்கிறான்?

கணக்கன்:
வரிசையைப் பார்க்காதீர்கள், இடையில் உள்ள கிளைப்புள்ளிகளை எண்ணுங்கள். குறைவாக இருந்தால் நெருக்கம்.

வேர்க்கால்:
முதல் பாதி சரி, எண்ணுவதுதான் ஏமாற்றும். நுரையீரல் மீனிலிருந்து சால்மனுக்கு இரண்டு புள்ளிகள், மனிதனுக்கு மூன்று. உங்கள் கணக்குப்படி சால்மன் அல்லவா நெருக்கம்? பல்லியை மரத்திலிருந்து எடுத்துவிட்டால் மனிதனுக்கும் இரண்டாகிவிடும். உறவு மாறிவிட்டதா என்ன?

இளம்பரிதி, நுரையீரல் மீனின் நுனியில் விரலை வைத்து வேரை நோக்கி நகர்த்துங்கள். முதலில் வரும் புள்ளியில் எதிர்க்கிளை ஒன்று சேர்கிறது. தவளை, பல்லி, மனிதன் மூன்றும் அந்தக் கிளையில்தான் இருக்கின்றன. ஆகவே மூன்றோடும் அதற்கு ஒரே பொது மூதாதை. அது வாழ்ந்தது 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். சால்மனைச் சந்திக்க இன்னும் ஒரு புள்ளி பின்னால் போக வேண்டும். இரண்டையும் 'மீன்' என்பது நம் நாக்கின் பழக்கம், மரம் அதற்குப் பொறுப்பல்ல.

இந்த இரண்டு வரிகளும் ஒரே மரம், ஒவ்வொரு அடைப்புக்குறி ஜோடியும் ஒரு கிளைப்புள்ளி:

```
(Salmon,(Lungfish,(Frog,(Lizard,Human))));
(Salmon,(((Human,Lizard),Frog),Lungfish));
```

புள்ளிகளில் கிளைகளைத் திருப்பியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. இரண்டாவதில் சால்மனை ஒட்டி மனிதன் நிற்கிறான்!

இளம்பரிதி:
விரலை வைத்துப் பார்த்தேன், பிடிபட்டது. அப்படியானால் தவளை நுரையீரல் மீனிலிருந்து வந்ததா?

வேர்க்கால்:
இல்லை. இரண்டும் இன்று உயிரோடு இருப்பவை, இரண்டும் நுனியில்தான். புள்ளியில் இருந்த மூதாதை இவற்றில் எதுவும் அல்ல.

கண்ணாடிக்குழாய்:
எனக்கும் இதே சிக்கல். என் பாக்டீரியா மாதிரிகளின் டிஎன்ஏ வரிசைகளை வைத்து மரம் வரைந்தேன். ஒன்றின் கிளை மட்டும் மிக நீளம். அதுதான் மிகப் பழையது, சரிதானே?

வேர்க்கால்:
இது வேறு கேள்வி. அளவுகோல் எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். மாற்றங்களின் அளவு என்றால், நீளம் அந்த வழியில் மாற்றம் அதிகம் என்றுதான் சொல்லும், வயதை அல்ல. வேரை எப்படி வைத்தீர்கள்?

கண்ணாடிக்குழாய்:
மென்பொருளே நடுவில் வைத்துவிட்டது.

வேர்க்கால்:
அப்படியென்றால் மிக நீண்ட பாதையின் நடுப்புள்ளியில் வைத்திருக்கும்; அந்த நீளக் கிளையே வேரைத் தன் பக்கம் இழுத்திருக்கலாம். வேர் தவறினால் எது எதற்கு மூதாதை என்பதே புரண்டுவிடும். வெளியிலிருந்து ஓர் உறவினத்தைச் சேர்த்து மறுபடி வரையுங்கள்.

கண்ணாடிக்குழாய்:
ஒன்றைச் சேர்த்தேன். அது நேராகப் போய் அந்த நீளக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டது.

வேர்க்கால்:
அது உண்மையாகவும் இருக்கலாம், நீளக் கிளைகள் ஒன்றையொன்று இழுக்கும் பிழையாகவும் இருக்கலாம். இன்னும் நெருங்கிய வெளியினம் ஏதாவது கிடைக்குமா?