வெப்பமானி 2 டிகிரி காட்டியபோது பாலத்தின் மேல் மட்டும் நீர் எப்படி உறைந்தது?

திருமங்கலம் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். நான் இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அவற்றில் பாதிக்கு மேல் வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டியவை. சாலை வழுக்குவது எனக்குப் புதிதல்ல. கோடைக்குப் பின் விழும் முதல் மழையில், சாலையில் படிந்திருக்கும் எண்ணெய் மிதந்து வண்டியை இழுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஆனால் என் மகளுக்கு நேர்ந்தது எனக்குப் புரியவில்லை.

அவள் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் செவிலியராக இருக்கிறாள். சென்ற வாரம் காலை ஆறே முக்கால் மணிக்கு வேலைக்குச் செல்லும்போது, ஒரு சிறிய ஓடைப் பாலத்தின் மேல் கார் சுழன்று தடுப்புக் கம்பியில் மோதி நின்றது. அவளுக்குக் காயமில்லை. பிளாக் ஐஸ் என்று அங்குள்ளவர்கள் சொல்லும், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம்தான் காரணம் என்று உதவிக்கு வந்தவர் சொல்லியிருக்கிறார். காரின் திரையில் அப்போது வெளி வெப்பநிலை 2 டிகிரி என்று இருந்தது. முந்தைய இரவு எட்டு மணி வரை மழை பெய்து, பிறகு வானம் வெளுத்து நட்சத்திரங்கள் தெரிந்தனவாம். பாலத்துக்கு முன்னும் பின்னும் சாலை நன்றாகவே இருந்ததாம்.

நீர் 0 டிகிரியில்தானே உறையும்? 2 டிகிரியில் எப்படி உறைந்தது? வெப்பமானி பழுதா? மருமகன், அவள் வேகமாக ஓட்டியிருப்பாள் என்கிறார். அதை ஒப்புக்கொள்வதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வைகைக்கரை

ஐயா, டயரின் வரிப்பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தேனி சாலையில் மழைநீர் தேங்கிய இடத்தில் என் காரும் இப்படித்தான் நீரின் மேல் மிதந்து பக்கவாட்டில் போனது. நீர்த்தேக்கம் இருந்தால் பனிக்கட்டியே தேவையில்லை.

திருமங்கலம் ஓட்டுநர்

நன்றி ஐயா. டயர்கள் நவம்பரில் மாற்றியவை. பாலத்தின் மேல் நீர் தேங்கவில்லை. காரை விட்டு இறங்கியவளால் நிற்கவே முடியவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாளாம். ஆகவே அது பனிக்கட்டி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆரப்பாளையம் ஆசிரியர்

மண்பானை நீர் எப்படிக் குளிர்கிறதோ அதே காரணம்தான். ஈரமான பரப்பின் மேல் காற்று வீசும்போது நீர் ஆவியாகிறது, ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மழையில் நனைந்த சாலை இரவெல்லாம் காற்றில் உலர்ந்துகொண்டிருந்தால், காற்று 2 டிகிரியில் இருந்தாலும் சாலை 0 டிகிரிக்குக் கீழே போகலாம். பாலத்தின் மேலும் கீழும் காற்று வீசுவதால் அங்கே முதலில் உறைகிறது.

மேலூர்க்காரன், இப்போது கனடா

பதினோரு குளிர்காலங்களாகச் சாலைப் பராமரிப்பில், உப்பு தூவும் வண்டிகளை எப்போது அனுப்புவது என்று முடிவெடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். இது எங்களுக்கு அன்றாடக் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஐயா, வெப்பமானி பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கும். அது சொன்னது காற்றைப் பற்றி, சாலையைப் பற்றி அல்ல. காரில் அந்த உணரி பெரும்பாலும் முன்பக்க பம்பரின் உள்ளே இருந்து, அங்கு ஓடும் காற்றை அளக்கிறது. வானிலை நிலையங்களிலோ தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் அளவு உயரத்தில், நிழற்பெட்டிக்குள் அளக்கிறார்கள். இந்த இரண்டில் எதுவும் தாரைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

சாலை ஏன் காற்றைவிடக் குளிர்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. மார்கழி இரவில் வாசலில் திறந்த வெளியில் நிறுத்திய இருசக்கர வண்டியின் இருக்கை விடியற்காலையில் நனைந்திருக்கும். பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் நிறுத்தியது காய்ந்தே இருக்கும். இரண்டையும் சூழ்ந்திருப்பது ஒரே காற்றுதான். ஆனால் திறந்த வெளியில் உள்ள இருக்கை தன் வெப்பத்தைக் கதிராக வானத்துக்கு அனுப்பிவிடுகிறது, தெளிந்த வானம் அதற்குத் திருப்பித் தருவது மிகக் குறைவு. மரத்தடியில் உள்ளதற்கு இலைகள் திருப்பிக் கொடுக்கின்றன. மேகமும் மரத்தைப் போலவே ஒரு கூரை. உங்கள் மகளின் ஊரில் எட்டு மணிக்குப் பிறகு அந்தக் கூரை விலகியது, ஈரம் மட்டும் சாலையில் தங்கிவிட்டது. எங்கள் வேலையில் நாங்கள் மிகவும் அஞ்சும் இரவு இதுதான்.

ஆசிரியர் ஐயா சொன்ன ஆவியாதல் உண்மையான காரணம், ஆனால் அது காற்றின் வறட்சியைப் பொறுத்தது. காற்று 2 டிகிரியிலும் ஈரப்பதம் 50 விழுக்காட்டிலும் இருந்தால், நனைந்த பரப்பு ஏறத்தாழ மைனஸ் 1 வரை இறங்கக்கூடும். மழை ஓய்ந்த இங்கிலாந்து இரவில் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், அப்போது ஆவியாதலால் இறங்குவது ஒரு டிகிரிகூட இராது. மேலும் அப்படிப்பட்ட இரவில் காற்று வீசினால் சாலைக்கு நன்மையே. மேலேயுள்ள சற்றுச் சூடான காற்றைக் கலக்கிக் கீழே கொண்டுவந்து, சாலை இழந்ததில் ஒரு பகுதியை ஈடு செய்யும். காற்று அசையாத இரவில்தான் சாலைக்கும் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கும் இடையே பல டிகிரி வேறுபாடு வளர்கிறது.

இனிப் பாலம். சாதாரணச் சாலை மேற்பரப்பில் வெப்பத்தை இழக்கும்போது, அடியிலுள்ள மண் பகலிலும் முந்தைய வாரங்களிலும் சேர்த்த சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொடுத்துக்கொண்டிருக்கும். பாலத்துக்கு அடியில் மண் இல்லை. மெல்லிய தளம் தன்னிடம் உள்ளதைச் செலவழித்துவிட்டு நின்றுவிடுகிறது. எனவே முன்னும் பின்னும் சாலை 1 டிகிரியில் ஈரமாக இருக்க, பாலம் மட்டும் மைனஸ் 1-இல் இருந்திருக்கலாம்.

எவ்வளவு நேரத்தில் உறைந்திருக்கும் என்றும் ஒரு கணக்குப் போடலாம். பாலத்தின் மேல் 0.3 மில்லிமீட்டர் நீர் இருந்ததாக வைத்துக்கொள்வோம், சதுர மீட்டருக்கு 0.3 கிலோ. ஒரு கிலோ நீர் 0 டிகிரியில் உறைய 334 கிலோஜூல் வெளியேற வேண்டும், ஆக இங்கே சுமார் 100 கிலோஜூல். வானத்துக்குப் போவதிலிருந்து காற்று திருப்பிக் கொடுப்பதைக் கழித்து, சதுர மீட்டருக்கு நிகரமாக 30 வாட் இழப்பு என்று கொண்டால், ஏறத்தாழ 55 நிமிடங்களில் முழுதும் உறைந்துவிடும். இரவு முழுவதும் அதற்கு நேரம் இருந்தது. இப்படி மெல்லியதாக, காற்றுக்குமிழ்கள் சிக்காமல் உறைவதால்தான் பனிக்கட்டி வெளுக்காமல் கண்ணாடி போல் இருக்கிறது. அடியிலுள்ள தாரின் கருமையே மேலே தெரிகிறது, பார்ப்பவர் ஈரச்சாலை என்றே நினைப்பார்.

ஆரப்பாளையம் ஆசிரியர்

திருத்தத்துக்கு நன்றி. காற்று வீசினால் சாலைக்கு நன்மை என்பதை நான் நேர்மாறாகவே நினைத்து வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். ஒரு கேள்வி: காற்று 0 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, கதிர்வீச்சினால் மட்டுமே பனிக்கட்டி உருவானதற்குப் பழைய சான்று ஏதாவது உண்டா?

மேலூர்க்காரன், இப்போது கனடா

உண்டு, அதுவும் நம் நாட்டில்தான். அலகாபாத், கல்கத்தா பகுதிகளில் குளிர்கால இரவுகளில் ஆழமற்ற மண்தட்டுகளில் நீரூற்றி, வைக்கோல் போன்றவற்றைப் பரப்பிய பள்ளங்களில் திறந்த வானத்தின் கீழ் வைத்து, விடியுமுன் பனிக்கட்டி எடுத்திருக்கிறார்கள். இராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775-இல் இதை விவரித்து எழுதினார். ஆவியாதல்தான் காரணம் என்ற கருத்தை மறுத்து, வெப்பம் வானத்துக்குக் கதிராகப் போவதே காரணம் என்று 1814-இல் பனித்துளி பற்றிய ஆய்வில் விளக்கியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். வைக்கோல், மண்ணின் சூடு தட்டுக்கு ஏறாமல் தடுத்தது. பாலத்துக்கு அடியிலுள்ள வெற்றிடமும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பூம்பாறை விவசாயி

ஐயா, இதைப் படித்ததும் என் பல ஆண்டுச் சந்தேகம் தீர்ந்தது போல் இருக்கிறது. பண்ணைக் கொட்டகைத் தூணில் ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறேன். தை மாதத்தில் அது 3 அல்லது 4 டிகிரி காட்டும் காலையிலேயே உருளைக்கிழங்குச் செடிகள் உறைபனியில் கருகிக் கிடக்கும். மானி தவறு என்று இரண்டு முறை மாற்றினேன், மூன்றும் ஒன்றையே காட்டின. வரப்போரச் சவுக்கு மரத்தடியில் உள்ள செடிகள் மட்டும் தப்பிவிடும். கொட்டகைக்குள் இருக்கும் மானியை நம்பி இரவில் நீர் பாய்ச்சாமல் விட்டது என் தவறுதான் போலும்.

மேலூர்க்காரன், இப்போது கனடா

உங்கள் மூன்று மானிகளும் உண்மையையே சொல்லியிருக்கின்றன, ஐயா. கூரைக்குக் கீழே, தரைக்கு மேலே உள்ள காற்றை அவை அளந்தன. ஒன்றைச் செடி உயரத்தில், திறந்த வெளியில், வானத்தைப் பார்த்தபடி வையுங்கள். உங்கள் நிலத்தில் இரண்டுக்கும் வழக்கமாக எத்தனை டிகிரி வேறுபாடு என்பது சில இரவுகளில் தெரிந்துவிடும். பள்ளத்தில் உள்ள வயலுக்கும் மேட்டு வயலுக்கும் அது வேறாகவே இருக்கும். நீர் பாய்ச்சுவது பற்றிச் சொல்லும் அளவு எனக்குத் தெரியாது.

திருமங்கலம் ஓட்டுநர்

மகளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு செய்திகள் சொன்னாள். காரின் திரையில் 3 டிகிரிக்கு இறங்கும்போதே ஒரு பனிச்சின்னம் ஒளிரும், அது தினமும் ஒளிர்வதால் கவனிப்பதை விட்டுவிட்டாளாம். இன்னொன்று, பாலத்தில் ஏறும்போது டயரின் ஈர ஓசை திடீரென நின்று, ஸ்டியரிங் எடையற்றுப் போனது போல் இருந்ததாம். அதன் பிறகுதான் பிரேக்கை அழுத்தினாள்.

மேலூர்க்காரன், இப்போது கனடா

அந்த ஓசை நிற்பதுதான் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் கடைசி அறிகுறி. அதற்கு முந்தையது, முன்னே செல்லும் வண்டி ஈரமாகத் தெரியும் சாலையில் ஓடியும் அதன் சக்கரங்களிலிருந்து நீர் தெறிக்காமல் இருப்பது. ஓசை நின்ற நொடியில் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துப் பாலத்தைக் கடந்துவிட வேண்டும். வேகமாக ஓட்டினாரா என்பதை நான் சொல்ல இயலாது. ஆனால் 0 டிகிரியை ஒட்டிய பனிக்கட்டிதான் மிக மோசமாக வழுக்கும், அதில் ஈரச்சாலைக்குப் பொருத்தமான வேகம்கூட மிகையே.

அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கச் சொல்லுங்கள், கைக்கு அடக்கமாக, மலிவாகக் கிடைக்கும். வீட்டு வாசல் தாரைச் செங்குத்தாகக் குறிவைத்து அளக்க வேண்டும். பளபளக்கும் கார் உலோகத்தை அளந்தால் அது எதிரொளிக்கும் வானத்தையே காட்டும்.

திருமங்கலம் ஓட்டுநர்

வாங்கிவிட்டாள். இன்று காலை கார் 3 டிகிரி காட்டியபோது வாசல் தார் 1.2 டிகிரி. பாலத்தின் அருகே பாதுகாப்பாக நிறுத்திவிட்டு நடந்து போய் அளந்தபோது பாலத்தின் மேல் மைனஸ் 0.6. ஆனால் வழுக்கவில்லை, காய்ந்தே இருந்தது. நேற்று மழை இல்லை.

இதில் ஒன்று விளங்கவில்லை. பாலம் 0 டிகிரிக்குக் கீழே இருந்தும் காற்றிலுள்ள ஈரம் அதில் படியாதது ஏன்?

மேலூர்க்காரன், இப்போது கனடா

காற்றிலுள்ள ஈரம் ஒரு பரப்பில் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்போம். அன்று அது அந்த மைனஸ் 0.6-க்கும் கீழே இருந்திருக்க வேண்டும், அதனால் ஈரம் படியவில்லை. பரப்பு பனிநிலைக்குக் கீழே இறங்கினால் மழையே இல்லாமலும் படியும், பெரும்பாலும் வெண்மையான உறைபனியாக. விபத்து நாளில் படிந்தது முந்தைய மழையின் மிச்சமா, அல்லது ஓடையிலிருந்து எழுந்த ஈரமா என்று இப்போது சொல்ல முடியவில்லை. ஓடையில் நீர் ஓடிக்கொண்டிருக்கிறதா, விபத்தன்று அதன் மேல் மூட்டம் இருந்ததா என்று மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.