அஸ்-பில்ட் டிராயிங் ஒப்படைக்கும் லெட்டர்: ஓனர் கையெழுத்து போட மறுக்கிறார், எப்படி எழுதுவது?

சைட் இன்ஜினியர், சத்துவாச்சாரி

வேலூரில் மூன்று மாடி கிளினிக் ஒன்றை முடித்து ஒப்படைக்கிறோம். நிஜத்தில் கட்டியபடியே காட்ட வேண்டிய அஸ்-பில்ட் டிராயிங் ஃபைல், பம்ப், லிஃப்ட், ஜெனரேட்டர் மேனுவல்கள் எல்லாம் சேர்த்து கவரிங் லெட்டர் கொடுத்தோம். "அனைத்து அஸ்-பில்ட் டிராயிங்குகளும் மேனுவல்களும் முழுமையாக ஒப்படைக்கப்படுகின்றன" என்று ஒரே வரி.

ஓனர் பெரியவர் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே வந்து பிளம்பிங்கில், பிஎல்-03இல் நின்றுவிட்டார். பின்பக்க டிரெய்ன் லைன் மேன்ஹோல் 3-லிருந்து 4-க்கு நேராகப் போவதாகப் படம் சொல்கிறது. நிஜத்தில் நடுவில் பாறை வந்து, லைனை வளைத்துக் கொண்டுபோனார்கள். பிரேக்கர் ஓடியதை அவரே நின்று பார்த்தவர். "இந்தப் படத்தை நம்பி நாளைக்கு ஒருத்தன் தோண்டினா என்ன ஆகும்?" என்கிறார். இப்போது மேலே பேவர் பிளாக் போட்டாகிவிட்டது. எங்கள் பில்லில் ஓனர் பிடித்து வைத்திருக்கும் ரிடென்ஷன் பணமும் நிற்கிறது. லெட்டரை எப்படி மாற்றுவது?

கான்ட்ராக்டர், குடியாத்தம்

தம்பி, பட்டியல் போட்டு டூப்ளிகேட்டில் தேதியோடு "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் பொறுப்பு உங்களுடையது இல்லை.

ஓய்வுபெற்ற பி.எம்.சி. இன்ஜினியர், காட்பாடி

டூப்ளிகேட், தேதி இரண்டும் சரி. பொறுப்பு போய்விடும் என்பதுதான் சரியில்லை. ஃபைல் கைக்கு வந்தது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து சாட்சி. உள்ளே இருக்கும் படம் சரி என்பதற்கு அது சாட்சி ஆகாது.

தம்பி, முதலில் படத்தைத் திருத்துங்கள், லெட்டர் அதற்குப் பிறகு. இரண்டு மேன்ஹோல் மூடியையும் திறந்து, மூடி மட்டத்திலிருந்து குழாயின் அடிமட்டம் எவ்வளவு ஆழம் என்று எடுங்கள். ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் கட்டிடத்தின் இரண்டு மூலையிலிருந்து டேப் பிடித்தால் இடம் உறுதியாகிவிடும். நடுவில் உள்ள வளைவுக்கு உங்கள் அளவுப் புத்தகத்தைப் பாருங்கள். பாறை வெட்டுக்குத் தனி ரேட் போட்டு பில் பண்ணியிருப்பீர்கள். எங்கே ஆரம்பித்து எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று அதில் இருக்கும். பள்ளம் திறந்திருந்தபோது எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் லெட்டரில் "முழுமையாக" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, எது அளந்தது, எது அளக்காதது என்று பிரித்து எழுதுங்கள். இப்படி:

"பிஎல்-03, ரிவிஷன் 2: மேன்ஹோல் 3, 4 இரண்டின் இடமும் ஆழமும் சைட்டில் அளந்தவை. இடையில் குழாய் வளையும் பாதை, பாறை வெட்டிய அளவுக் குறிப்பையும் போட்டோவையும் வைத்து வரையப்பட்டது. அந்த இடத்தில் தோண்டும் முன் கையால் சிறு குழி எடுத்துப் பார்க்கவும். ரிவிஷன் 1 இனி செல்லாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பழைய ஷீட் ஏற்கெனவே அவர் பீரோவில் இருக்கிறது. வளைவில் சேம்பர் கட்டியிருக்கிறீர்களா?

சைட் இன்ஜினியர், சத்துவாச்சாரி

இல்லை சார், இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். பாறை வெட்டு அளவு புத்தகத்தில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பி.எம்.சி. இன்ஜினியர், காட்பாடி

அப்படியானால் அடைப்பு வந்தால் அங்கேதான் வரும். எந்த மேன்ஹோலிலிருந்து ராடு விட வேண்டும் என்று பராமரிப்பு மேனுவலில் ஒரு பக்கம் சேர்த்து, லெட்டரிலும் அதைக் குறிப்பிடுங்கள்.

அபார்ட்மெண்ட் செயலாளர், ராணிப்பேட்டை

முடிவுச் சான்றிதழைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்? மாநகராட்சியில் அதற்கு இந்த டிராயிங் போதுமா?

ஓய்வுபெற்ற பி.எம்.சி. இன்ஜினியர், காட்பாடி

அது வேறு விஷயம் அம்மா. இங்கே பேசுவது ஒப்பந்ததாரர் ஓனருக்கு ஒப்படைப்பதைப் பற்றி.

அபார்ட்மெண்ட் செயலாளர், ராணிப்பேட்டை

சரி சார். ஆனால் ஒப்படைப்பில் நாங்களும் அவதிப்பட்டிருக்கிறோம். எங்களுக்குக் கொடுத்த ஃபயர் பம்ப் மேனுவலில் கம்பெனியின் எல்லா மாடலும் இருந்தது, எங்களுடையது எது என்று மட்டும் தெரியவில்லை. எந்த பிரஷரில் பம்ப் ஓட ஆரம்பிக்க வேண்டும் என்று செட் பண்ணிய விவரமும் இல்லை. ஸ்விட்சை யாரோ திருப்பிவிட்டார்கள். சர்வீஸுக்கு வந்த பையன், பழைய அளவு என்ன என்று எங்களையே கேட்டான்.

ஓய்வுபெற்ற பி.எம்.சி. இன்ஜினியர், காட்பாடி

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். "பம்ப் மேனுவல், ஒன்று" என்று எழுதினால் போதாது. நேம் பிளேட்டில் உள்ள மாடல், சீரியல் நம்பரைப் பார்த்து லெட்டர் பட்டியலில் எழுதுங்கள். மேனுவலில் அந்த மாடல் வரும் பக்கத்துக்கு ஒரு ஃபிளாக் ஒட்டி, டெஸ்ட் அன்று செட் பண்ணிய அளவுத் தாளையும் சேர்த்து வையுங்கள்.

சைட் இன்ஜினியர், சத்துவாச்சாரி

ரிவிஷன் 2-ஐக் காட்டினேன். "பெற்றுக்கொண்டேன், சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று எழுதிக் கையெழுத்து போடுகிறேன் என்கிறார் பெரியவர். ரிடென்ஷன் விட இது போதுமா? இன்னொன்று, கம்ப்யூட்டரில் டிராயிங்கை எடிட் பண்ணக்கூடிய கேட் ஃபைலும் கேட்கிறார். ஆர்க்கிடெக்ட் பி.டி.எஃப். மட்டும்தான் தருவேன் என்கிறார்.

ஓய்வுபெற்ற பி.எம்.சி. இன்ஜினியர், காட்பாடி

இரண்டுக்கும் உங்கள் ஒப்பந்தத்தில்தான் பதில் இருக்கும். ரிடென்ஷன் பிரிவில் "சமர்ப்பித்தால்" என்று இருந்தால் இந்தக் கையெழுத்தே போதும் என்று வாதாடலாம். "ஒப்புதல் பெற்றால்" என்று இருந்தால் சரிபார்க்க ஒரு கெடு தேதியை லெட்டரிலேயே கேளுங்கள். அந்தப் பிரிவை அப்படியே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.

கான்ட்ராக்டர், குடியாத்தம்

கேட் ஃபைலை மட்டும் கொடுக்காதீர்கள் தம்பி. நாளைக்கு வேறு யாராவது மாற்றிவிட்டு உங்கள் பெயரிலேயே நீட்டுவார்கள்.

அபார்ட்மெண்ட் செயலாளர், ராணிப்பேட்டை

அப்படிச் சொன்னால் எப்படி? நாளைக்கு ஒரு லைன் மாறினால் நாங்கள் எதில் திருத்துவது?