ஜீன்ஸ்: 32 எடுப்பதா, 33 எடுப்பதா?

வணக்கம் நண்பர்களே. இதுவரை போட்டதெல்லாம் 2 சதவீத எலாஸ்டேன் கலந்த ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸ்தான், இடுப்பு 32. போட்ட அன்றே முழங்காலும் பின்புறமும் கொஞ்சம் தொளதொளக்கும், துவைத்தால் பழையபடி இறுகிவிடும். டோபிக் கடை டிரையர் சூட்டில் போட்டால்தான் அந்த இழை செத்து, இறுகுவது நின்றுவிடுகிறது.

இப்போது ஜார்ஜ் டவுனில் 100 சதவீதப் பருத்தியில், ஏற்கெனவே சுருக்கி எடுத்த கெட்டி டெனிம் ஒன்று பார்த்தேன். 32-இல் மூச்சை இழுத்தால்தான் மேல் பட்டன் சேர்கிறது. 33 சரியாக இருக்கிறது, அதுதான் பயம். இந்தத் துணி போடப் போட இடுப்பில் அரை முதல் ஓர் அங்குலம் வரை தளரும், துவைத்தால் கொஞ்சம்தான் திரும்பும். அப்படியென்றால் 32 எடுப்பதுதான் நியாயம்.

ஆனால் 32-இல் தொடையும் பிடிக்கிறது. உட்கார்ந்தால் கவட்டுத் தையல் இழுக்கிறது. இடுப்பு அளவுக்குத் தொடை தளருமா? நம் ஊர்ப் புழுக்கத்தில் இறுக்கமான கெட்டி டெனிம் பெரிய தண்டனை வேறு. 33 வாங்கி, தளர்ந்த பிறகு இடுப்புப் பட்டையைப் பிடித்துத் தைக்கலாமா? பினாங்கில் கெட்டி டெனிம் தைக்கும் நல்ல தையற்காரர் யாராவது தெரியுமா?