செல் கசிந்த டார்ச்: தட்டினால் பளிச், விட்டால் மங்கல்

மின்மினி: உலோக உடல் எல்இடி டார்ச், இரண்டு அல்கலைன் செல். சுவிட்ச் பின்மூடியில் இருக்கிறது. பழைய செல் கசிந்து மூடி ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. துணியால் துடைத்துப் புது செல் போட்டேன். மங்கலாகத்தான் எரிகிறது, தட்டினால் ஒரு நொடி பளிச். மீட்டரில் செல்கள் சேர்த்து 3.1 வோல்ட் காட்டுகிறது. எல்இடி போய்விட்டதா?

முத்து: ஸ்பிரிங்கை உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்க, சரியாகிடும்.

செல்வி: தட்டினால் பளிச்சென்று எரிகிறதே, எல்இடி நன்றாக இருக்கிறது. முதலில் பின்மூடியைக் கழற்றி, ஒரு துண்டு ஒயரால் கடைசி செல்லின் அடியையும் டார்ச் உடலின் விளிம்பையும் இணைத்துப் பாருங்கள். முழு வெளிச்சம் வந்தால் கோளாறு மூடிக்குள்தான்.

முத்து அண்ணா, தேய்ப்பது பாதிதான் சரி. முரட்டுத் தாள் ஸ்பிரிங்கின் நிக்கல் பூச்சையும் உரித்துவிடும். உள்ளே இருக்கும் இரும்பு சீக்கிரமே துருப்பிடிக்கும். அல்கலைன் கசிவு காரம் என்பதால் கையுறை போட்டு, பஞ்சுக்குச்சியில் ஓரிரு சொட்டு வினிகர் தொட்டு ஒற்றுங்கள். லேசாக நுரைக்கும். நுரை அடங்கியதும் தண்ணீர் நனைத்த குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மிச்சம் நிற்கும் வினிகரே ஸ்பிரிங்கை அரிக்கும், அதனால் இதில் அவசரம் வேண்டாம்.

ரவி: என் எமர்ஜென்சி பல்பும் கரண்ட் போனால் ஐந்தே நிமிடம்தான் எரிகிறது. அதுக்கும் வினிகர் போடலாமா?

செல்வி: அது வேறு கதை ரவி. உள்ளே இருப்பது லித்தியம் செல், பெரும்பாலும் அதுதான் தேய்ந்திருக்கும். ஹோல்டரில் மாட்டியபடி திறக்கவே கூடாது, பலகையில் வீட்டு மின்சாரம் இருக்கலாம். கழற்றி வைத்து, எரியும்போது செல் முனையில் அளந்து பாருங்கள். 4 வோல்ட் அருகே தொடங்கி சில நிமிடத்தில் 3-க்கு இறங்கினால் செல்லை மாற்றுவதுதான் வழி. உப்பியிருந்தால் தொடவே வேண்டாம்.

மின்மினி: ஒயர் வைத்ததும் முழு வெளிச்சம்! ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்தேன். வெளிச்சம் கூடியிருக்கிறது, ஆனால் ஒயரில் எரிந்த அளவு இல்லை. ஸ்பிரிங்கின் அடிச் சுற்றுகள் கறுத்தே கிடக்கின்றன.

செல்வி: ஸ்பிரிங்கின் நுனியிலிருந்து அடித்தகடு வரை மெல்லிய செப்பு ஒயரைச் சாலிடர் வையுங்கள். அழுத்தத்தை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும், மின்சாரம் ஒயரில் போகும். ஸ்பிரிங் அமுங்க இடம் விட்டு ஒயரைத் தொளதொளவென்று வையுங்கள்.

முத்து: மூடியின் மரையையும் உடல் விளிம்பையும் துடைங்க. அதன் வழியாகவும் கரண்ட் போகுது.

செல்வி: அது சரியான யோசனை. ஒயர் சோதனையில் சுவிட்சும் விலகியே இருந்தது. அதனால் சுவிட்சின் உள்தகடும் அரித்திருக்கலாம், திறக்காமல் சொல்ல முடியாது.