'ரிலாக்ஸ்' என்பதற்குத் தமிழ்: தளர்த்தலா, குறுக்கமா, வேறா?

பண்டாரவளை, கணினி ஆசிரியை

அன்புடையீர்,

உயர்தர மாணவர்களின் விடுமுறை வகுப்புக்கான பயிற்சி நூலை வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லால் அது நிற்கிறது. ஓர் ஊரிலிருந்து மற்ற எல்லா ஊர்களுக்கும் மிகக் குறைந்த தூரத்தைக் காணும் டைக்ஸ்ட்ராவின் முறையைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த வீதிகளிலேயே எழுதியிருக்கிறேன். விளிம்புகளின் நிறை பயண நிமிடம். எண்கள் பாடத்துக்காக நான் போட்டவை. யாரும் கடிகாரம் பார்க்க வேண்டாம்.

வெலிமடையிலிருந்து பண்டாரவளைக்கு 40, ஹாலிஎலைக்கு 50, அப்புத்தளைக்கு 60. பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைக்கு 15, ஹாலிஎலைக்கு 35. ஹாலிஎலையிலிருந்து பதுளைக்கு 15. புறப்படும் இடம் வெலிமடை. தூர அணியில் அதற்கு 0, மற்ற எல்லாவற்றுக்கும் முடிவிலி என்று எழுதித் தொடங்குகிறோம். வெலிமடையைக் கையில் எடுத்ததும் பண்டாரவளை 40, ஹாலிஎல 50, அப்புத்தளை 60 ஆகின்றன. மிச்சத்தில் மிகச் சிறியது 40. அதை இனி மாறாது என்று உறுதி செய்துவிட்டுப் பண்டாரவளையின் வீதிகளைப் பார்க்கிறோம். அப்புத்தளைக்கு 40 + 15 = 55; அணியில் இருந்த 60 அழிந்து 55 ஆகிறது. ஹாலிஎலைக்கு 40 + 35 = 75; அங்கே ஏற்கெனவே 50 இருப்பதால் ஒன்றும் நடக்கவில்லை.

நான் கேட்பது இந்த இரண்டு வரிகளுக்கான பெயர்:

```
if dist[u] + w < dist[v]:
    dist[v] = dist[u] + w
```

ஆங்கில நூல்கள் இதை விளிம்பை 'ரிலாக்ஸ்' செய்வது என்கின்றன. 'தளர்த்தல்' என்று எழுதிப் பார்த்தேன். "எதை டீச்சர் தளர்த்துகிறோம்? எண் இறுகிக்கொண்டுதானே வருகிறது?" என்று முன்வரிசைப் பிள்ளை கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர்

அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. தளர்தல் என்றால் கட்டுக் குலைதல். நடை தளரும், மனம் தளரும். 'நெகிழ்த்தல்' என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அதுவும் வேண்டாம். சங்கப் பாடல்களில் தலைவியின் வளை நெகிழ்வது அவள் மெலிவதால். வளை அதே அளவில்தான் இருக்கிறது. இங்கே மாறுவது அளவு.

நம் இலக்கணத்திலேயே இதற்குச் சொல் இருக்கிறது: குறுக்கம். ஐகாரத்துக்கு மாத்திரை இரண்டு. சொல்லின் முதலில் வந்தால் அது ஒன்றரை ஆகிறது. இடையிலும் கடையிலும் ஒன்று. எழுத்து அதேதான், அது நிற்கும் இடத்தைப் பார்த்து அளவு குறைகிறது. அப்புத்தளை அப்புத்தளையாகவே இருக்க, அதன் எண் 60 இலிருந்து 55 ஆவது வேறென்ன? இந்தச் செயல் 'தூரக் குறுக்கம்', செய்வது 'குறுக்கல்'. ஈராயிரம் ஆண்டு மொழி கைகொடுக்கும்போது மொழிபெயர்ப்புச் சொல்லைப் பிடித்துத் தொங்குவானேன்?

இன்னொன்று. குறு, குறில், குறள், குறை, குறுகு எல்லாம் ஒரே வேரின் கிளைகள். குறிஞ்சியும் அந்த வேரில் பிறந்ததா என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். மலைப்பாதை குறுகியது அல்லவா? அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

கோயம்புத்தூர், மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

குறிஞ்சி பூவின் பெயர் ஐயா, அதைப் பாதையோடு முடிய வேண்டாம்.

எனக்கு உறுத்துவது 'நிறை'. எங்கள் பாடநூல்களில் நிறை என்பது பொருளின் அளவு, புவியீர்ப்போடு சேர்ந்தது எடை. இதை 'எடையிட்ட வரைபு' என்றால் இரு கரையிலும் படிக்கலாம்.

பண்டாரவளை, கணினி ஆசிரியை

இங்கே அது நேர்மாறு. உங்கள் நிறை எங்களுக்குத் திணிவு. உங்கள் எடைதான் எங்களுக்கு நிறை. என் பிள்ளைகள் பரீட்சை எழுதுவது இந்த நாட்டில், ஆகவே நிறை நிறையாகவே இருக்கட்டும்.

விரிவுரையாளர் ஐயாவுக்கு நன்றி, ஆனால் ஒரு தடை. பாடத்தின் தலைப்பே 'மிகக் குறுகிய பாதை'. தோட்டத்துப் பிள்ளைக்குக் குறுக்கு என்றால் தேயிலை நிரைகளுக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதை. 'விளிம்பைக் குறுக்கு' என்று எழுதினால் வீதியையே வெட்டிச் சுருக்கச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். வீதி 15 நிமிடமாகவே இருக்கிறது. குறைவது அணியில் எழுதிய எண் மட்டும்.

ஹட்டன், தோட்ட அலுவலகத்தில் வேலை செய்பவர்

எனக்கும் இது பயன்படும் போலிருக்கிறது. எங்கள் கொழுந்து லொறி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு ஏழு மடுவங்களில் கொழுந்து ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. இந்த அணியை நிரப்பினால் எந்த மடுவத்துக்கு முதலில் போவது என்று தெரிந்துவிடுமா? தூரத்தின் ஏறுவரிசையில் போனால் போதும் என்று நினைக்கிறேன்.

கண்டி, வரைபு ஆய்வு செய்யும் மாணவர்

இல்லை அண்ணா, அது வேறு கேள்வி. இந்த அணி தொழிற்சாலையிலிருந்து ஒவ்வொரு மடுவத்துக்கும் தனித்தனியாகப் போனால் எவ்வளவு என்று சொல்கிறது. உங்கள் லொறியோ ஒரே ஓட்டத்தில் ஏழையும் தொட வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் மலையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால் ஏறுவரிசை உங்களை இரண்டு முறை கணவாய் ஏற்றிவிடும். ஏழு இடங்களுக்கு 5040 வரிசைகள்தான் உண்டு. கணினி எல்லாவற்றையும் கணக்கிட்டே பார்த்துவிடும். எந்த இரண்டு மடுவங்களுக்கும் இடையிலான தூரத்தை எடுக்க மட்டும் டைக்ஸ்ட்ராவை ஒவ்வொரு மடுவத்திலிருந்தும் ஓட்டுங்கள்.

டீச்சர், தளர்த்தல் என்ற பெயர் வந்த காரணத்தைச் சொல்லலாம். பண்டாரவளையை உறுதி செய்தபின் அப்புத்தளையின் எண் 55ஐ மிஞ்சக்கூடாது என்று ஒரு நிபந்தனை உருவாகிறது. 60 அதை மீறி நிற்கிறது. 55 ஆக்கியதும் நிபந்தனை நிறைவேறி, அதன் இழுவிசை போய்விடுகிறது. தளர்வது அந்த நிபந்தனை. எண்ணைப் பார்த்தால் இறுகல், நிபந்தனையைப் பார்த்தால் தளர்தல். ஆனால் இதை விளக்கிய பிறகுதான் சொல் புரியும் என்றால், பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சொல் ஆகாது. டைக்ஸ்ட்ராவே 1959இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தச் சொல்லை ஆளவில்லை. 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக்கடையில் அமர்ந்து இருபது நிமிடத்தில் மனத்திலேயே இதைக் கண்டதாகப் பின்னாளில் சொன்னார். அவர் வைக்காத பெயருக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை.

பதுளை, நிரலாளர்

'இறக்கல்' என்று வையுங்கள். எண் இறங்குகிறது, ஏறுவதில்லை. நான் செய்த பிழை ஒன்றால் இதைக் கற்றேன்.

மண்சரிவு வந்தால் பாதை மாற்றிச் சொல்லும் சிறு செயலி ஒன்று செய்தேன். டீச்சரின் எண்களிலேயே சொல்கிறேன். வெலிமடை–பண்டாரவளை வீதியில் மண் விழுந்ததும் அதன் நிறையை 40 இலிருந்து 300 ஆக்கினேன். பழைய அணியை வைத்துக்கொண்டே மறுபடி ஓட்டினேன்; மாறியதை மட்டும் அது திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கை. பண்டாரவளை 40 ஆகவே நின்றது. 300, 40ஐவிடச் சிறியதா என்று நிரல் கேட்டது. இல்லை என்று போய்விட்டது. நிறை குறைந்தால் பழைய அணியிலிருந்து தொடரலாம், கூடினால் முடியாது.

கண்டி, வரைபு ஆய்வு செய்யும் மாணவர்

இந்தப் பிழையைப் பிடிக்க வழி உண்டு. தொடக்க ஊரைத் தவிர ஒவ்வோர் ஊரின் எண்ணுக்கும், அந்த எண்ணைச் சரியாகத் தரும் அயலூர் ஒன்று இருக்க வேண்டும். பண்டாரவளையின் 40ஐத் தருவது யார்? வெலிமடை வழி 300, ஹாலிஎல வழி 85, அப்புத்தளை வழி 70. யாரும் இல்லை, ஆகவே 40 பொய். ஆனால் அப்புத்தளையின் 55ஐ மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்: 40 + 15 சரியாக வருகிறது. பொய்யின் மேல் நிற்கும் எண்ணும் பார்வைக்கு மெய்யாகவே இருக்கும்.

வெலிமடையைத் தவிர எல்லாவற்றையும் முடிவிலியாக்கி ஓட்டினால் ஹாலிஎல 50, அப்புத்தளை 60, பதுளை 65. பண்டாரவளை முதலில் வெலிமடை வழியாக 300 ஆகி, அடுத்து ஹாலிஎல வழியாக 85க்கும், பிறகு அப்புத்தளை வழியாக 75க்கும் இறங்குகிறது.

பண்டாரவளை, கணினி ஆசிரியை

இந்த மண்சரிவை நூலில் சேர்த்துவிட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. நன்றி தம்பி.

ஆனால் 'இறக்கல்' என்றதும் என் வகுப்பில் ஒரு குழப்பம். ஹாலிஎலைக்கு 75 வந்து 50ஐ வெல்லாதபோது, "இங்கே இறக்கல் நடக்கவில்லை, அப்படியானால் படியை விட்டுவிட்டோமா?" என்று கேட்டார்கள். படி நடந்தது, எண் மாறவில்லை. விளிம்பைச் சோதிப்பதும் பெயருக்குள் வர வேண்டும்.

இன்று கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தபோது கடைசி வரிசைப் பையன் தானாகவே, "டீச்சர், அப்புத்தளையையும் குறைத்துப் பாருங்கள்" என்றான். எனக்குச் சட்டென்று பட்டது. செய்து பார், கேட்டுப் பார், குறைத்துப் பார். முயற்சி அந்தப் 'பார்'க்குள் இருக்கிறது. குறைந்தாலும் குறையாவிட்டாலும் சொல் பொய்க்காது. 'குறைத்துப் பார்த்தல்' என்று எழுதலாமா?

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர்

துணைவினையின் நயத்தை ஒப்புக்கொள்கிறேன், பிள்ளை நன்றாகச் சொன்னான். ஆனாலும் கலைச்சொல் ஒற்றைச் சொல்லாக நிற்க வேண்டும். அதிலிருந்து பெயரும் பெயரடையும் பிறக்க வேண்டும். 'குறைத்துப் பார்க்கப்பட்ட விளிம்பு' என்று மூச்சிழுத்து எழுதுவீர்களா? குறுக்கம் என்றால் 'குறுக்கிய விளிம்பு' போதும். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோயம்புத்தூர், மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

எனக்குக் 'குறைத்துப் பார்த்தல்' சம்மதம்.

பதுளை, நிரலாளர்

நானும் இறக்கலை விட்டுவிடுகிறேன். நிரலில் செயற்கூற்றின் பெயரை மட்டும் `relax` என்றே வைத்திருப்பேன். மற்றவர்களின் நிரலோடு ஒட்ட வேண்டும்.

பண்டாரவளை, கணினி ஆசிரியை

மூன்று பேர் சரி என்கிறோம். பாடத்தில் 'குறைத்துப் பார்த்தல்' என்று போகிறது. முதல் இடத்தில் அடிக்குறிப்பாக 'தூரக் குறுக்கம்' என்றும் எழுதுகிறேன், ஐயா. 'உறுதி செய்த கணு' என்பதற்கு ஒற்றைச் சொல் கிடைத்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழ் விரிவுரையாளர்

'நிலைக்கணு'. குறிஞ்சியைப் பற்றிய மடல் நாளை வரும்.