அவசரம்: ஸ்டேக்கிங்கில் இருந்து எடுத்த 40 ATOM காணவில்லை

வாழைச்சேனை_வயல்காரன்
ஸ்டேக் பண்ணி வைத்ததை நேற்று எடுக்கக் கொடுத்தேன், வாலட்டில் 0.31தான் வந்திருக்கிறது, ஸ்டேக்கிங் பக்கத்திலும் இல்லை, மிச்சம் எங்கே போனது? வேளாண்மை வெட்டு மெசினுக்கு இந்தக் கிழமை காசு கொடுக்க வேண்டும்.

கல்முனை_நானா
எந்த வாலட்? பரிவர்த்தனை முடிந்ததா, தோல்வியா? எத்தனை மணிக்கு?

ஆரையம்பதி_77
நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும் தம்பி. போல்காடாட்டில் எனக்கும் இப்படித்தான், காலம் முடிந்த பிறகு இன்னொரு பட்டனை அழுத்தும் வரை வரவில்லை.

பழைய_கணக்கன்
அது போல்காடாட். அவர் ATOM என்கிறார், தலைப்பையாவது வாசியுங்கள். காஸ்மோஸில் 21 நாள் முடிந்தால் தானாகவே வந்துவிடும். எடுக்கக் கொடுத்த அந்த நொடியிலேயே அதுவரை சேர்ந்த வெகுமதி வாலட்டுக்கு வந்துவிடும், அதுதான் அந்த 0.31. அதைப் பார்த்துவிட்டுத்தான் 40 போய்விட்டது என்று பயப்படுகிறார்.

வாழைச்சேனை_வயல்காரன்
கெப்ளர். முடிந்தது என்றுதான் காட்டியது. 6ஆம் திகதி பின்னேரம் 2.45 இருக்கும்.

கல்முனை_நானா
சரி, உங்கள் cosmos1 முகவரியை மின்ட்ஸ்கேனில் போட்டுப் பாருங்கள். Available, Delegated, Unbonding என்று தனித்தனியாக இருக்கும். 40 மூன்றாவதில் நிற்க வேண்டும். கணினியில் கட்டளை தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்:

```
gaiad query staking unbonding-delegations cosmos1...
```

இப்படி ஒரு வரி வரும்:

```
completion_time: "2025-03-27T09:14:22Z"
```

கடைசி Z உலக நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் 27ஆம் திகதி பின்னேரம் 2.44. அதுவரை வெகுமதியும் சேராது, விற்கவும் ஏலாது.

சொலானா_பிரியன்
21 நாளா! எனக்கு இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். விலை விழுந்தால் யார் பொறுப்பு?

பழைய_கணக்கன்
அந்த நாட்கள் சும்மா இல்லை. உங்கள் வேலிடேட்டர் ஒரே உயரத்தில் இரண்டு பிளாக்குக்குக் கையெழுத்துப் போட்டது பிறகு பிடிபட்டால், அப்போது அவரிடம் இருந்த பங்கில் 5% வெட்டு. எல்லோரும் உடனே எடுத்துக்கொண்டு ஓட முடிந்தால் வெட்ட என்ன இருக்கும்?

சொலானா_பிரியன்
அதற்கு ஒரு கிழமை போதாதா? மெசின்காரன் 21 நாள் காத்திருப்பானா?

வாழைச்சேனை_வயல்காரன்
Unbonding 40 என்று இருக்கிறது!! ஒருவர் தனிச்செய்தியில் வாலட்டைத் திறக்கும் 24 சொற்களைக் கேட்கிறார், உடனே விடுவித்துத் தருவாராம்.

கல்முனை_நானா
கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த 21 நாளை யாராலும் குறைக்க முடியாது, அந்தச் சொற்கள் கைக்குப் போனால் 40உம் அவருடையது. உடனே தடுத்துவிடுங்கள். மனம் மாறினால் இடையில் ரத்துச் செய்யலாம், ஆனால் அது அதே வேலிடேட்டரிடம் திரும்பிப் போகும், உங்கள் கைக்கு வராது.

ஆரையம்பதி_77
ரத்துச் செய்யும் பட்டன் கெப்ளரில் எங்கே இருக்கிறது?

வாழைச்சேனை_வயல்காரன்
27 பின்னேரம் வந்துவிட்டது, 40உம். எதையும் அழுத்தவில்லை. மெசினுக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கியிருந்தேன், இன்றைக்குக் கொடுக்கிறேன். நன்றி நானா.