‘ஒன்றுமில்லை’ என்று பதில் வந்தால், மேலே என்ன எழுதுவது?

மல்லிகைப்பந்தல்: கணவர் வங்கி மாற்றலில் ஓசூரில் இருக்கிறார், நான் மதுரையில். இயல்பிலேயே அதிகம் பேசாதவர். சில நாட்களாக ஏதோ அவரை வாட்டுகிறது. வாட்ஸ்அப்பில் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறார். துளைத்தெடுக்காமல் எப்படிப் பேச வைப்பது?

உச்சிவெயில்: எதுவும் கேட்காதீர்கள். தோன்றும்போது அவரே சொல்வார்.

வைகைக்கரை: பாதி சரி. துருவத் துருவ அவர் இன்னும் உள்ளே ஒடுங்குவார். தம்பதியர் ஆலோசனையில் அடிக்கடி பார்ப்பதுதான். ஆனால் நீங்களும் வாயை மூடிக்கொண்டால், கவனிக்கவே இல்லை என்று நினைப்பார். ‘என்ன ஆயிற்று?’ என்பது முழுக் காரணத்தையும் உடனே கேட்கிறது. அவருக்கே தெளியாதபோது ‘ஒன்றுமில்லை’ என்பதுதான் சுலபமான பதில். கேள்வியை விட்டுவிட்டு, கண்டதை மட்டும் எழுதுங்கள்: ‘நேற்று உங்கள் குரல் சோர்ந்திருந்தது போலப் பட்டது. இப்போது சொல்ல வேண்டும் என்றில்லை. பேசத் தோன்றினால் இரவு விழித்திருப்பேன்.’ ‘கோபமா?’ என்று ஊகித்தால் மறுக்கத்தான் செய்வார். கவுன்டர் நேரத்தில் அனுப்பாதீர்கள்; அறைக்குத் திரும்பிய பிறகு அனுப்புங்கள். நீல டிக் விழுந்தும் பதில் இல்லையா? மறுநாள் பால் கணக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடமோ எழுதுங்கள். ‘படித்தீர்களா?’ மட்டும் வேண்டாம்.

தென்றல்: இப்படிப் பொறுமை காத்துத்தான் நான் ஏமாந்தேன். வட்டிக்காரர் வாசலில் நின்றபோதுதான் என் கணவருடைய கடன் எனக்குத் தெரிந்தது. போனை வாங்கிப் பாருங்கள்.

வைகைக்கரை: உங்கள் கோபம் நியாயம். குடும்பப் பணம் என்றால் நேராகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மல்லிகைப்பந்தல் கேட்பது வேறு. போனைத் துழாவினால் கடன் தெரியலாம், மனம் தெரியாது.

மல்லிகைப்பந்தல்: அனுப்பினேன். நள்ளிரவில் ஒரே வரி: ‘புது மேலாளர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார்.’ ‘மாற்றல் கேளுங்கள்’ என்று அடித்து வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

வைகைக்கரை: அழித்துவிடுங்கள். ஒரு வரி சொன்னவருக்கு உடனே யோசனை போனால், அடுத்த வரி வராது. ‘எல்லார் முன்னாலுமா? எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும்!’ என்று எழுதி நிறுத்துங்கள். அவர் மேலே சொன்னால், ‘யோசனை சொல்லட்டுமா, கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா?’ என்று அவரிடமே விடுங்கள். ஒன்று மட்டும்: தூக்கம் போய், ‘நான் இல்லாமல் போனால்’ என்பது போன்ற பேச்சு வந்தால் இந்த நிதானமெல்லாம் கூடாது. உடனே அழைத்து, உயிரை விடும் எண்ணமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். தனியாக விடாமல் அங்கே ஒருவரை அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ அழைத்தால் எந்நேரமும் எடுப்பார்கள்.

உச்சிவெயில்: இத்தனை எழுத்து எதற்கு? இரண்டாவது சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

மல்லிகைப்பந்தல்: போகத்தான் ஆசை. ஆனால் நேரில் பார்த்தால் இன்னும் வாயடைத்துப் போகிறவர். திருமணத்துக்கு முன்பும் கடிதத்தில்தான் பேசினார்.

தென்றல்: அப்படியானால் போகாதீர்கள்.

உச்சிவெயில்: போங்கள், பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.